பசும்பால் கொள்முதல் ஒப்பந்தம்

200 ரூபாய் முத்திரைத்தாளில், 2025 ஜூன் 27-ஆம் தேதி, திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவிலில் எழுதியது.

வாங்குபவர்: ந. சிவகுமார், வெள்ளகோவிலில் பால் குளிரூட்டு நிலையமும் முத்தூரில் பால் சென்டரும் நடத்துபவர். இனி "நிலையம்".

கொடுப்பவர்: கு. மரகதம், க/பெ. குப்புசாமி, முத்தூர். 11 கலப்பினக் கறவை மாடுகள் வைத்திருப்பவர். இனி "உற்பத்தியாளர்".

1. காலமும் அளவும்

2025 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரை உற்பத்தியாளர் தம் மாடுகளின் பாலை முத்தூர் சென்டரில் ஊற்றுவார். காலை 6 முதல் 7.30 வரை, மாலை 5 முதல் 6.30 வரை. ஒரு நாளைக்குச் சுமார் 110 கிலோ வரும் என்று எதிர்பார்க்கிறோம். மாடு வற்றினாலோ சினையானாலோ அளவு குறையும். அதற்கு அபராதம் கிடையாது. வீட்டுத் தேவைக்கும் அக்கம்பக்கத்துக்கும் அவர் பால் வைத்துக்கொள்வதில் நிலையம் தலையிடாது.

2. எடை

சட்டமுறை எடையளவுத் துறையின் நடப்பு முத்திரையுள்ள மின்னணுத் தராசில், காலி கேன் எடையைக் கழித்து, உற்பத்தியாளர் கண் முன்னால் எடை போட வேண்டும். தராசு காட்டுவதை அப்படியே எழுதவேண்டும். கணக்கு கிலோவில்தான். லிட்டரில் பேச வேண்டிய இடத்தில் 1 லிட்டர் என்பது 1.03 கிலோ.

3. விலை

பாலின் மொத்தத் திடப்பொருளுக்கு, அதாவது ஃபேட்டும், கொழுப்பு அல்லாத மற்றத் திடப்பொருளான எஸ்.என்.எஃப்.பும் சேர்ந்ததற்கு, கிலோ 300 ரூபாய். ஃபேட் 4.0, எஸ்.என்.எஃப். 8.3 உள்ள பாலுக்கு இந்தக் கணக்கில் கிலோவுக்கு 36.90 ரூபாய் வரும்; லிட்டருக்கு ஏறத்தாழ 38 ரூபாய்.

எஸ்.என்.எஃப். கணக்கிடும் முறை இது மட்டுமே:

எஸ்.என்.எஃப். = (டிகிரி ÷ 4) + (0.2 × ஃபேட்) + 0.36

டிகிரி என்பது 27 டிகிரி செல்சியஸுக்குத் திருத்திய லாக்டோமீட்டர் அளவு. பாலின் வெப்பம் அதற்கு மேலே போனால் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.2 கூட்ட வேண்டும், கீழே இருந்தால் 0.2 கழிக்க வேண்டும். மில்க் அனலைசரில் ஏற்றியிருக்கும் கணக்கும் இதோடு ஒத்துப்போக வேண்டும்.

கடைசியில் இருக்கும் 0.36 சின்ன எண்ணாகத் தெரியலாம். அதை 0.14 ஆக மாற்றிவிட்டால் அதே பால், அதே மாடு, ஆனால் எஸ்.என்.எஃப். 0.22 குறைந்துவிடும், கிலோவுக்கு 66 பைசா போய்விடும், அதற்கு மேல் பிடித்தமும் விழலாம். அதனால் இந்தச் சூத்திரத்தையோ அதிலுள்ள எண்ணையோ இரு தரப்பும் கையெழுத்திட்டுத்தான் மாற்ற முடியும். சென்டர் சுவரில் இதைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும்.

திடப்பொருள் விலையைக் குறைக்க வேண்டுமானால் 15 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். நடந்துகொண்டிருக்கும் பத்து நாள் பில்லுக்குப் பின்தேதியிட்டுக் குறைக்கக் கூடாது.

4. தரப் பிடித்தம்

ஃபேட்டோ எஸ்.என்.எஃப்.போ குறைந்தால் மேலே சொன்ன கணக்கிலேயே விலை குறைந்துவிடுகிறது. அதன்மேல் தனிப் பிடித்தம் என்பது இரண்டாவது வெட்டு. ஆகவே அது கீழே எழுதிய இடங்களில் மட்டும்தான்.

எஸ்.என்.எஃப். 8.0-க்குக் கீழே போனால், குறையும் ஒவ்வொரு முழு 0.1-க்கும் கிலோவுக்கு 25 பைசா. ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் வெயிலுக்கும் பசுந்தீவனப் பற்றாக்குறைக்கும் எஸ்.என்.எஃப். தானாகவே இறங்கும் என்பதால் அந்த மூன்று மாதத்துக்கு எல்லை 7.8. ஃபேட் 3.2-க்குக் கீழே போனால் ஒவ்வொரு முழு 0.1-க்கும் கிலோவுக்கு 20 பைசா. எஸ்.என்.எஃப். 7.5-க்கும் கீழே காட்டினால் உற்பத்தியாளர் முன்னிலையில் மறு சோதனை செய்யாமல் எந்தப் பிடித்தமும் செய்யக் கூடாது. எல்லாம் சேர்ந்தாலும் ஒரு வேளைப் பாலுக்கான தனிப் பிடித்தம் கிலோவுக்கு 2 ரூபாயைத் தாண்டாது.

இயந்திரம் காட்டும் இரண்டாம் தசமத்தை வெட்டிவிடக் கூடாது. 8.17 என்றால் 8.17 தான், 8.1 அல்ல.

ஓர் எடுத்துக்காட்டு. காலைப் பால் 62 கிலோ, ஃபேட் 3.8, டிகிரி 27. எஸ்.என்.எஃப். = 6.75 + 0.76 + 0.36 = 7.87. மொத்தத் திடப்பொருள் 11.67 சதவீதம். கிலோ விலை 35.01 ரூபாய். எல்லை 8.0 உள்ள மாதமென்றால் குறைவு 0.13; முழு 0.1 ஒன்றுதான் என்பதால் பிடித்தம் 25 பைசா. கையில் வரவேண்டியது 34.76 × 62 = 2,155.12 ரூபாய். பில்லில் பிடித்தம் 15.50 என்று தனியே தெரிய வேண்டும்.

5. திரிந்த பால், மருந்து, கலப்படம்

கொதிக்கவைத்துப் பார்க்கும்போது திரிந்தால் அந்த வேளைப் பாலை நிலையம் மறுக்கலாம். மறுத்த பாலை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மறுத்துவிட்டுக் கேனை வைத்துக்கொண்டால், அந்தப் பாலை ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு; முழு விலை கொடுக்க வேண்டும்.

சீட்டு கொடுத்துப் பாலைக் கூலரில் ஊற்றியபின் அது நிலையத்தின் பால். அப்புறம் மின்சாரம் போனது, டேங்கர் தாமதமானது, வெள்ளகோவில் போய்ச் சேர்ந்தபோது திரிந்திருந்தது என்று எந்தக் காரணத்துக்கும் உற்பத்தியாளர் பொறுப்பல்ல. பல பேர் பால் கலந்த கூலரில் வந்த குறையை யார் தலையிலும் பங்கு போட்டுச் சுமத்தக் கூடாது.

கன்று ஈன்ற முதல் 5 நாள் சீம்பாலையும், மடிநோய் கண்ட மாட்டின் பாலையும், ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலை மருந்துச் சீட்டில் சொன்ன விலக்கு நாள் முடியும்வரையும் உற்பத்தியாளர் ஊற்றக் கூடாது. இதில் அவருக்குச் சலுகை இல்லை. ஒரு மாட்டின் பால் கூலர் முழுவதையும் கெடுத்துவிடும். மருந்து போட்ட அன்றே சென்டரில் சொல்லிவிட்டால் போதும்.

அனலைசர் "சேர்த்த தண்ணீர்" என்று ஒரு சதவீதம் காட்டும். அது மற்ற அளவுகளிலிருந்து இயந்திரம் ஊகிக்கும் எண். கலப்படத்துக்கு அதுவே சாட்சி ஆகாது. யூரியா, சர்க்கரை, உப்பு, சோடா ஆகியவை இருப்பதாகப் பட்டைச் சோதனையில் சந்தேகம் வந்தால், அந்த வேளைப் பாலின் பணத்தை மட்டும் நிறுத்திவைத்து, 6(ஆ)-வில் சொன்னபடி மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். முந்தைய நாட்களின் பணத்தை அதற்காகப் பிடித்துவைக்கக் கூடாது. முடிவு வரும்வரை சென்டரிலோ ஊரிலோ அவர் பெயரைச் சொல்லிப் பேசவும் கூடாது.

6. பிடித்தத்தை மறுக்கும் முறை

(அ) அந்த இடத்திலேயே. அளவு சரியில்லை என்று தோன்றினால், பாலைக் கூலரில் ஊற்றுவதற்கு முன் உற்பத்தியாளர் "மறு சோதனை" என்று கேட்கலாம். கேனில் பாலை நன்றாகக் கலக்கி, புதிய மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். கலக்காமல் மேலாக எடுத்தால் ஃபேட் கூடும், அடியிலிருந்து எடுத்தால் குறையும். ஆகவே கலக்காமல் எடுத்த மாதிரி செல்லாது. இரண்டு அளவுக்கும் இடையே ஃபேட்டில் 0.1, எஸ்.என்.எஃப்.பில் 0.15 வரை வித்தியாசம் என்றால் சராசரி எடுக்கலாம். அதற்கு மேல் போனால் இயந்திரம் காட்டிய இரண்டு அளவையும் ஒதுக்கிவிட்டு, கெர்பர் முறையில் ஃபேட்டும் லாக்டோமீட்டரில் டிகிரியும் பார்க்க வேண்டும். மாதத்துக்கு மூன்று மறு சோதனை இலவசம். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாய். அளவு உற்பத்தியாளருக்குச் சாதகமாக மாறினால் பணம் திரும்ப வரும்.

(ஆ) முத்திரையிட்ட மாதிரி. அங்கேயே தீராவிட்டால் கலக்கிய பாலிலிருந்து 200 மி.லி. பாட்டில் மூன்று எடுத்து, தேதி, நேரம், சீட்டு எண் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு அரக்கு வைக்க வேண்டும். ஒன்று நிலையத்துக்கு, ஒன்று உற்பத்தியாளருக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு. 4 டிகிரி செல்சியஸில் குளிராக வைக்க வேண்டும். நிலையத்தின் மாதிரியை 24 மணி நேரத்துக்குள் வெள்ளகோவிலில் உற்பத்தியாளரோ அவர் அனுப்பும் ஆளோ பார்க்கச் சோதிக்க வேண்டும். உற்பத்தியாளர் கேட்டும் மாதிரி எடுக்க மறுத்தால் அந்த வேளைக்குப் பிடித்தமே கிடையாது.

(இ) பில் வந்தபின். பத்து நாள் பில் கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். வாட்ஸாப்பில் அனுப்பினாலும் அது எழுத்துதான். எந்தத் தேதி, எந்த வேளை, எவ்வளவு தொகை என்று சொன்னால் போதும். காரணத்தை நிரூபிக்கும் சுமை அவருக்கில்லை. பிடித்தம் சரி என்று காட்ட வேண்டியது நிலையம். அதற்கு 5 நாளுக்குள் இயந்திரச் சீட்டையும் அந்த வாரத்தின் சரிபார்ப்புப் பதிவையும் காட்டி எழுத்தில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் பிடித்தம் ரத்து. தொகை அடுத்த பில்லில் சேரும். ஆட்சேபத்தில் இருக்கும் தொகையைத் தவிர மற்றதை வழக்கமான நாளில் கொடுத்துவிட வேண்டும்.

(ஈ) ஆய்வகம். பதிலில் திருப்தி இல்லாவிட்டால் மூன்றாம் பாட்டில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குப் போகும். ஆய்வகத்தை உற்பத்தியாளர் தேர்ந்தெடுப்பார். செலவை முதலில் நிலையம் போடும்; நிலையத்தின் அளவு சரியென்று வந்தால் உற்பத்தியாளர் பாதியைத் தருவார். ஆய்வக முடிவு இருவரையும் கட்டும்.

(உ) இயந்திரமே தவறு என்றால். சென்டர் அனலைசரை வாரம் ஒருமுறை கெர்பர் முறையோடு ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஃபேட்டில் 0.1-க்கு மேல் குறைத்துக் காட்டியது தெரியவந்தால், கடைசியாகச் சரியாக இருந்த ஒப்பீட்டு நாளிலிருந்து அன்றுவரை எல்லா வேளைக்கும் கணக்கைத் திருத்தி வித்தியாசத்தைக் கொடுக்க வேண்டும். யாரும் ஆட்சேபம் கொடுக்காமல் இருந்தாலும் இது பொருந்தும். பதிவேட்டை உற்பத்தியாளர் எப்போது கேட்டாலும் காட்ட வேண்டும்.

(ஊ) ஆட்சேபம் கொடுத்ததற்காக அவர் பாலை வரிசையில் கடைசியில் நிறுத்துவது, தீவனம் தர மறுப்பது, பால் வேண்டாம் என்று சொல்வது எதுவும் கூடாது. ஆட்சேபம் நிலுவையில் இருக்கும்போது நிலையம் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது.

7. சீட்டும் பில்லும்

ஒவ்வொரு வேளையும் எடை, ஃபேட், டிகிரி, எஸ்.என்.எஃப்., கிலோ விலை, பிடித்தம் ஆகியவை அச்சான சீட்டு தர வேண்டும். சீட்டில் இல்லாத பிடித்தம் பில்லில் வரக் கூடாது. தீவனக் கடன் வசூல் தனிக் கட்டத்தில் இருக்க வேண்டும். அது பில் தொகையில் 30 சதவீதத்தைத் தாண்டாது. பில் முடிந்த 5 நாளுக்குள் பணம் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். தாமதமானால் மாதம் 1 சதவீத வட்டி.

8. மற்றவை

யார் விலக நினைத்தாலும் 30 நாள் அறிவிப்பு. விலகும்போது நிலுவை முழுவதையும் 10 நாளில் தீர்க்க வேண்டும்.

இங்கே எழுதாத அபராதம் எதையும் நிலையம் விதிக்க முடியாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகைக்கு உட்பட்ட நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும் என்பதை இருவரும் அறிவோம்.

6-இல் தீராத தகராறை, இருவரும் ஏற்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் முன் வைத்து 15 நாளில் பேசித் தீர்க்கப் பார்ப்போம். முடியாவிட்டால் காங்கேயம் பகுதி எல்லைக்குட்பட்ட நீதிமன்றம்.

இதை முழுவதும் வாசித்துக் காட்டக் கேட்டு, புரிந்துகொண்டு, இரண்டு பிரதிகளில் கையெழுத்திட்டோம். ஆளுக்கு ஒன்று.

(ஒப்பம்) ந. சிவகுமார், நிலையத்துக்காக
(ஒப்பம்) கு. மரகதம், உற்பத்தியாளர்

சாட்சிகள்:
(ஒப்பம்) ப. தங்கவேல், முத்தூர்
(ஒப்பம்) செ. ஈஸ்வரி, வெள்ளகோவில்

இணைப்பு: நிலையத்தின் உணவுப் பாதுகாப்பு உரிம நகல், தராசு முத்திரைச் சான்றின் நகல், அனலைசரின் கடைசிச் சரிபார்ப்புப் பதிவு.