அனுமதியின்றித் தொடர்ந்து வேலைக்கு வராதது குறித்த எழுத்துப்பூர்வ எச்சரிக்கை

தேதி: 18.08.2025
இடம்: திருப்பூர், யூனிட் 2

அனுப்புநர்: உற்பத்தி மேலாளர், தையல் பிரிவு
பெறுநர்: திரு. மு. பாண்டியராஜன், ஓவர்லாக் டெய்லர், லைன் 3, டோக்கன் எண் 3147

திரு. பாண்டியராஜன் அவர்களுக்கு,

கடந்த ஜூன் முதல் நீங்கள் சொல்லாமல் வேலைக்கு வராத நாட்கள் தொடர்பாக இந்தக் கடிதத்தைத் தருகிறேன். இதுவரை மூன்று முறை வாய்மொழியாகப் பேசியாகிவிட்டது. இது முதல் எழுத்துப்பூர்வ எச்சரிக்கை.

டைம் ஆபீஸ் வருகைப் பதிவேட்டின்படி நீங்கள் வராத நாட்கள்: ஜூன் 9, 10, ஜூன் 23, ஜூலை 7, 8, ஜூலை 21, ஜூலை 28, 29, ஆகஸ்ட் 4, ஆகஸ்ட் 11, 12, 13. மொத்தம் ஏழு தடவையில் 12 வேலை நாட்கள். இவற்றில் ஒரு நாளுக்குக்கூட விடுப்பு எழுதித் தரவில்லை, காலையில் போனும் வரவில்லை. ஏழு தடவையும் திங்கட்கிழமையில்தான் தொடங்குகிறது. ஜூன் 30 முதல் ஜூலை 3 வரை காய்ச்சலில் இருந்தீர்கள். அதற்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று கொடுத்துவிட்டீர்கள். அந்த நான்கு நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, இனி யாரும் சேர்க்கவும் கூடாது.

பேசியவற்றையும் பதிவு செய்கிறேன். ஜூன் 24 அன்று லைன் சூப்பர்வைசர் உங்களிடம் காரணம் கேட்டார். "பஸ் கிடைக்கவில்லை" என்றீர்கள். ஜூலை 9 அன்று நான் கூப்பிட்டுப் பேசினேன், இனி சொல்லிவிட்டுப் போகிறேன் என்றீர்கள். ஜூலை 30 அன்று மனிதவள அலுவலர் முன்னிலையில் மூன்றாம் முறை பேசியபோதுதான் உண்மையான நிலைமை தெரிந்தது. உசிலம்பட்டியில் அம்மா தனியாக இருக்கிறார், சர்க்கரை நோயால் காலில் புண், திங்கட்கிழமை காலையில் கட்டுப் பிரித்துக் கட்ட அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேறு ஆள் இல்லை என்றீர்கள். இதை ஜூன் மாதமே சொல்லியிருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அன்றே ஒரு ஏற்பாடு செய்தோம். மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை நீங்கள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம், சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவர் மாற்று டெய்லரை ஏற்பாடு செய்துகொள்வார். நீங்களும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டீர்கள். ஐந்தே நாளில், ஆகஸ்ட் 4 அன்று, சொல்லாமல் நின்றுவிட்டீர்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நாள் விடுப்பாகவே போயிருக்கும். அடுத்த வாரம் மூன்று நாள் வரவில்லை. சூப்பர்வைசர் தினமும் போன் செய்தும் உங்கள் போன் அணைக்கப்பட்டிருந்தது.

நீங்கள் வராத நாளில் லைனில் என்ன நடக்கிறது என்பதை நீங்களே அறிவீர்கள், இருந்தாலும் எழுதியாக வேண்டும். கழுத்து ரிப் ஏற்றும் ஓவர்லாக் நின்றால் அதற்குப் பின்னால் இருக்கிற பிளாட்லாக்குக்கு உருப்படி போகாது. ஆகஸ்ட் 12 அன்று காலை முழுக்க அப்படித்தான் நின்றது. உங்களுக்கு ஷிப்ட் கூலி. ஆனால் அந்த லைனில் பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். உருப்படி வராவிட்டால் அவர்களுக்குக் கூலி இல்லை. மதியத்துக்கு மேல் லைன் 5இலிருந்து ஒரு டெய்லரைக் கொண்டுவந்து, எல்லோரும் ஒன்றரை ஷிப்ட் இருந்து ஷிப்மெண்டை முடித்தார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு வரும் கைமடி ஒருவரும் அன்று இரவு வரை இருந்தார். இந்தக் கடிதத்தை எழுத வேண்டிய கட்டாயம் முக்கியமாக இதனால்தான் வந்தது.

உங்கள் பழைய பதிவையும் பார்த்தேன். 2019 பிப்ரவரியில் சேர்ந்தீர்கள். 2024 முழுவதும் நான்கு நாள்தான் விடுப்பு, நான்குமே சொல்லி எடுத்தது. உங்கள் தையலில் ஆல்ட்டர் வருவது மிகக் குறைவு என்று செக்கிங் பிரிவு சொல்கிறது. உங்களை இழக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தக் காரணத்துக்காக மற்றவர்களுக்கு ஒரு விதி, உங்களுக்கு ஒரு விதி என்று வைக்க முடியாது.

நம் நிறுவன நிலையாணைகளின்படி முன் அனுமதியின்றி வழக்கமாக வராமலிருப்பது ஒழுங்கீனச் செயல். எனவே இன்று முதல் அக்டோபர் 16 வரை, 60 நாட்களுக்கு, உங்கள் வருகை கவனிக்கப்படும். இந்தக் காலத்தில் வர முடியாத நாள் எதுவானாலும் காலை 8.30 மணிக்குள் சூப்பர்வைசருக்கோ டைம் ஆபீசுக்கோ தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டாலும் போதும். மிஸ்டு கால் கணக்கில் வராது. உடன் வேலை செய்பவரிடம் சொல்லி அனுப்பியதும் கணக்கில் வராது. ஜூலை 30 அன்று செய்த இரண்டு திங்கட்கிழமை ஏற்பாடு அப்படியே தொடரும், அதை நான் திரும்பப் பெறவில்லை. உங்கள் கணக்கில் இன்னும் 9 நாள் சம்பள விடுப்பு இருக்கிறது. அதை அம்மாவின் சிகிச்சைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், முந்தின நாள் கேட்டாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இந்த 60 நாளில் மறுபடியும் சொல்லாமல் நின்றால், விளக்கம் கேட்டு நோட்டீஸ் தரப்படும். அதன்பின் உள்விசாரணை நடக்கும். விசாரணையில் உங்கள் தரப்பைச் சொல்லவும், உடன் பணியாற்றும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. அதன் முடிவைப் பொறுத்து தற்காலிகப் பணிநீக்கமோ வேலை நீக்கமோ கூட வரலாம். இதை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. பின்னால் "எனக்குத் தெரியாது" என்ற நிலை வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வராத நாட்களுக்குக் கூலி கிடையாது, அவ்வளவுதான். அதற்கு மேல் அபராதமோ பிடித்தமோ கிடையாது. இந்தக் கடிதத்தைக் காரணம் காட்டி உங்கள் தீபாவளி போனஸ் நிறுத்தப்படாது. நீங்கள் வாங்கிய கூலியை வைத்து எல்லோருக்கும் போடுவது போலவே போடப்படும். 2026 பிப்ரவரி 17 வரை இப்படி மறுபடி நடக்காவிட்டால், அதன்பின் எந்த நடவடிக்கைக்கும் இந்த எச்சரிக்கை எடுத்துக்கொள்ளப்படாது.

ஆகஸ்ட் 14 அன்று நீங்கள் திரும்பி வந்தபோது, 11ஆம் தேதி அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது என்று சொன்னீர்கள். அதை நான் பொய்யென்று நினைக்கவில்லை, ஆனால் பதிவுக்கு ஒரு சீட்டு வேண்டும். சேர்க்கைச் சீட்டையோ டிஸ்சார்ஜ் தாளையோ ஆகஸ்ட் 25 திங்கட்கிழமைக்குள் கொண்டுவந்தால் அந்த மூன்று நாட்களும் விடுப்பாக மாற்றப்படும், 12 என்பது 9 ஆகும். இந்தக் கடிதத்தில் வேறு ஏதாவது தவறு இருப்பதாக நினைத்தாலும் அதே தேதிக்குள் எழுதிக் கொடுங்கள். உங்கள் பதிலும் இதோடு சேர்த்து ஃபைலில் வைக்கப்படும்.

அப்புறம் ஒன்று. உங்களைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் ஈ.எஸ்.ஐ.யில் சிகிச்சை உண்டு. உங்கள் குடும்ப விவரத்தில் அம்மா பெயர் சேர்க்கப்படவில்லை என்று மனிதவளப் பிரிவில் சொன்னார்கள். அம்மாவின் ஆதார் நகலைக் கொண்டுவாருங்கள், பெயர் சேர்ப்பதற்கான வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
சா. நடராஜன்
உற்பத்தி மேலாளர்

நகல்: மனிதவளப் பிரிவு, பணியாளர் தனி ஃபைல், டோக்கன் எண் 3147

பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை

மேற்கண்ட கடிதத்தை 18.08.2025 மாலை 5.40 மணிக்கு மனிதவள அலுவலர் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். ஒரு நகல் பெற்றுக்கொண்டேன். இந்தக் கையெழுத்து கடிதத்தைப் பெற்றதற்கு மட்டுமே. இதில் உள்ளவற்றை நான் ஒப்புக்கொண்டதாக ஆகாது.

(ஒப்பம்) மு. பாண்டியராஜன், டோக்கன் எண் 3147
சாட்சி: (ஒப்பம்) லைன் 3 சூப்பர்வைசர்