பனியன் தையல் பட்டறைக்கான காற்றோட்ட, குளிர்விப்புத் திட்டம்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் திருப்பூரில் உள்ள தங்கள் பட்டறையில் இரண்டு பிற்பகல்கள் இருந்து எடுத்த அளவுகளைக் கொண்டு இந்தத் திட்டத்தை எழுதியிருக்கிறேன். எத்தனை எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்று கேட்டீர்கள். ஃபேனுக்கு முன்பாகக் கூரையையும் அயர்ன் டேபிளையும் கவனிக்க வேண்டும் என்பதே என் முடிவு.

பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே நிழலில் 36 பாகை செல்சியஸ் இருந்தபோது, தையல் வரிசையில் 40 பாகையும் அயர்ன் டேபிள் அருகில் 43 பாகையும் இருந்தன. எட்டு கிளட்ச் மோட்டார்களிலிருந்து ஏறத்தாழ 2,000 வாட், அயர்ன் பெட்டிகளும் நீராவி பாய்லரும் சேர்ந்து 2,000 வாட், 12 பேரின் உடல் வெப்பம் 900 வாட், விளக்குகள் 200 வாட் எனக் கணக்கிட்டேன். வெயிலில் காயும் சிமென்ட் ஷீட் கூரை மட்டும் 5,400 வாட் அளவுக்கு வெப்பத்தை உள்ளே இறக்குகிறது. மொத்தம் 10,500 வாட். வெளிக்காற்றைவிட மூன்று பாகைக்கு மேல் சூடு ஏறாதிருக்க மணிக்கு 10,400 கன மீட்டர் காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும். அத்தனை காற்றையும் ஃபேனை மட்டும் நம்பி வெளியேற்றுவது வீண்செலவு.

ஆகவே முதல் வேலை கூரை. ஷீட்டின் மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை இரண்டு கோட் அடிக்க வேண்டும். பழைய ஷீட் கல்நார் கலந்தது என்பதால், பாசியைக் கம்பி பிரஷ் கொண்டு தேய்க்கவோ உலர்ந்த நிலையில் சுரண்டவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. நனைத்து, ஈரத் துணியால் துடைத்த பிறகே பூச வேண்டும். ஃபால்ஸ் சீலிங் போடும் யோசனையை நான் ஏற்கவில்லை. அறை 9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி 3.3 மீட்டர் உயரம், அதாவது 178 கன மீட்டர், ஒருவருக்கு 14.8 கன மீட்டர் கிடைக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த 14.2 கன மீட்டரை அளவுகோலாகக் கொண்டால், கூரையைத் தாழ்த்தவும் இடமில்லை, பதின்மூன்றாவது ஆளைச் சேர்க்கவும் இடமில்லை.

அடுத்து, பாய்லரைப் பின்புறத் தாழ்வாரத்துக்கு மாற்றி நீராவிக் குழாய்க்கு வெப்பக்காப்பு உறை சுற்ற வேண்டும். அயர்ன் டேபிளை வடகிழக்கு மூலைக்குக் கொண்டுபோய், அதன் மேல் தகரக் கூம்பு அமைக்க வேண்டும். கிளட்ச் மோட்டார், டெய்லர் கால் வைக்காத நேரத்திலும் ஓடிக்கொண்டே சூடேறும். சர்வோ மோட்டார் தைக்கும்போது மட்டுமே ஓடும். எட்டையும் ஒரே நேரத்தில் மாற்ற இயலாவிட்டால் சுவரோரமுள்ள நான்கை முதலில் மாற்றலாம்.

இவை முடிந்தால் வெப்பச்சுமை 4,400 வாட் அளவுக்குக் குறையும் என மதிப்பிடுகிறேன். அதற்கு மணிக்கு 4,400 கன மீட்டர் காற்று போதும். 2,700 கன மீட்டர் எனக் குறிக்கப்பட்ட 15 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன்கள் இரண்டைக் கிழக்குச் சுவரின் உச்சியில், ஒன்று தகரக் கூம்போடு இணையுமாறு பொருத்தலாம். வலையிலும் ஷட்டரிலும் கொஞ்சம் காற்று தடைபடும் என்பதைச் சேர்த்தே இந்த அளவைச் சொல்கிறேன்.

காற்று உள்ளே வர வழியில்லாமல் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுவதில் பயனில்லை. மேற்குச் சுவர் ஜன்னல்களைத் துணிக்கட்டுகள் அடைத்திருப்பதைப் பார்த்தேன். கொசுவலை ஏறத்தாழ பாதி காற்றைத் தடுக்கும் என்பதால், இருக்கை உயரத்தில் மொத்தம் 2.4 சதுர மீட்டர் திறப்பு அந்தச் சுவரில் தேவை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றும் அந்தப் பக்கத்திலிருந்தே வீசுகிறது. பிற்பகல் வெயிலைத் தடுக்க வெளியே சாய்ப்பு இறக்க வேண்டும். ஃபேன் ஓடும்போது கிழக்கு ஜன்னல்களை மூடிவிட வேண்டும், இல்லையேல் பக்கத்துக் காற்றே சுற்றிச் சுற்றி வெளியேறும்.

உலர்ந்த மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கு ஏர் கூலரை மேற்கு ஜன்னலில், வெளிக்காற்றை இழுக்கும்படி வைக்கலாம். ஐப்பசி மழைக்காலத்தில் அது ஈரத்தையே கூட்டும். அப்போது தண்ணீரை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓட்டவும். ஏசி இப்போது வேண்டாம். நீராவி எழும் அறையை மூடி வைத்துக் குளிர்விப்பது மின்சாரத்தை வீணாக்குவதோடு, 12 பேருக்கு வேண்டிய வெளிக்காற்றையும் நிறுத்திவிடும்.

கைமடி வேலை செய்யும் பெண்கள் அயர்ன் டேபிளுக்கு எதிரே உட்காருகிறார்கள். அவர்களை மேற்கு ஜன்னலோரம் மாற்றுவதற்குச் செலவே இல்லை, நாளையே செய்துவிடலாம். பஞ்சுத்தூசி ஃபேன் இறக்கையிலும் வலையிலும் படிந்தால் காற்று குறைவதோடு தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. சனிக்கிழமைதோறும் மின்சாரத்தை அணைத்துவிட்டுத் துடைக்க வேண்டும். காற்றே 35 பாகையைத் தாண்டும் நாள்களில் ஃபேன் மட்டும் உடலைக் காக்காது. குடிநீரும் மணிக்கொரு சிறு ஓய்வும் கட்டாயம் வேண்டும்.

பிப்ரவரிக்குள் கூரைப் பூச்சை முடித்தால், மார்ச் இரண்டாம் வாரம் அதே மூன்று மணிக்கு அதே இடங்களில் மீண்டும் அளந்து பார்க்கிறேன். தையல் வரிசைக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதும் மூன்று பாகையைத் தாண்டினால், மீதமுள்ள நான்கு மோட்டார்களை மாற்றிய பிறகே மூன்றாவது ஃபேனைப் பற்றி முடிவு செய்வோம்.