ராணுவக் கிடங்கிலிருந்து நிறுவனக் கிடங்குக்கு: தன்விவரச் சுருக்கங்கள்

கிடங்கு செயல்பாட்டு மேலாளர் பணிக்கு (பயோடேட்டாவின் தொடக்கத்தில்)

சரக்கு இருப்பு, வாகனப் போக்குவரத்து, ஷிஃப்ட் மேலாண்மை ஆகியவற்றில் 18 ஆண்டு அனுபவம். முழுவதும் ராணுவத்தின் சப்ளைப் பிரிவில். கடைசி 6 ஆண்டுகள் 34 பணியாளர்கள், 22 லாரிகள், ஏறத்தாழ 9,000 வகைப் பொருட்கள் கொண்ட கிடங்கை நடத்தினேன். காலாவதித் தேதி நெருங்கும் சரக்கு முதலில் வெளியேறும் முறையைக் கொண்டுவந்து, கெட்டுப்போய்க் கழிக்கும் உணவுப் பொருட்களை 2 ஆண்டில் பாதியாகக் குறைத்தேன். ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் தொடர்ந்து 4 முறை, விளக்கம் கேட்கும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை. எக்செல் நன்றாகத் தெரியும். எஸ்.ஏ.பி. கிடங்கு மென்பொருளில் பயிற்சி முடித்திருக்கிறேன். வேலையில் இன்னும் பயன்படுத்தவில்லை.

என்னைப் பற்றி (இணையச் சுயவிவரப் பக்கத்துக்கு)

ராணுவத்தில் இருந்தேன் என்றதும் பலரும் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பார்கள். என் கையில் அதிகம் இருந்தது ஸ்டாக் லெட்ஜர்தான்.

800 பேர் கொண்ட பட்டாலியனுக்கு அரிசி முதல் டயர் வரை நேரத்துக்குப் போய்ச் சேரச் செய்வது என் பொறுப்பு. நாங்கள் ‘இன்டென்ட்’ என்பதை நிறுவனங்களில் கொள்முதல் கோரிக்கை என்கிறார்கள். தேவையைக் கணக்கிட்டு, கையிருப்பைக் கழித்து, சரக்கு வந்துசேரும் நாட்களையும் சேர்த்துப் பார்த்து எழுத வேண்டும். கணக்கு ஒன்றுதான், பெயர் வேறு.

ஒரு பனிக்காலத்தில் மலைச்சாலை மூடுவதற்குள் 3 மாதச் சரக்கை ஏற்றி வைத்தோம். சாலை திறக்க 11 நாள் தாமதமானது. சமையற்கூடம் ஒரு வேளைகூட நிற்கவில்லை. ஆனால் டீசல் போதவில்லை. ஜெனரேட்டர் ஓடும் நேரத்தைக் குறைத்துச் சமாளித்தோம். உணவுக்கு வைத்த கூடுதல் கையிருப்பை எரிபொருளுக்கு வைக்காதது என் பிழை. அடுத்த ஆண்டு டீசலுக்கும் 15 நாள் பாதுகாப்பு இருப்பு ஒதுக்கினேன். சப்ளையர் தாமதம், துறைமுக நெரிசல் என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த 11 நாள்தான் ஞாபகம் வருகிறது.

கான்வாய் நடத்தியதில் பாதைத் திட்டம், ஓட்டுநர் ஓய்வு நேரம், வாகனப் பராமரிப்பு அட்டவணை, வழியில் வண்டி பழுதானால் மாற்று ஏற்பாடு எல்லாம் அடங்கும். லாரி நின்றபின் மெக்கானிக்கைத் தேடுவதைவிட, ஓடிய கிலோமீட்டரை வைத்து முன்கூட்டியே சர்வீஸ் செய்வதே எங்கள் வழக்கம்.

கட்டளையிட்டே பழகியவர் அலுவலகத்துக்கு ஒத்துவருவாரா என்று யோசிப்பீர்கள், நியாயம்தான். ஆர்டர் போட்டால் வேலை நடக்கும், உண்மை. ஆனால் நள்ளிரவில் சரக்கு இறக்குபவருக்கு அதை ஏன் இப்போதே இறக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் பெட்டி உடையாமல் இறங்கும். பெரிய வேலை ஒவ்வொன்றும் முடிந்ததும் 20 நிமிடம் உட்கார்ந்து, எது திட்டப்படி நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று பேசுவோம். புதிதாகச் சேர்ந்தவர் முதலில் பேசுவார், நான் கடைசியில். பதவி பெரியவர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள் என்பதால் இந்த ஏற்பாடு.

சப்ளையரிடம் விலை பேசிய அனுபவம் எனக்குக் குறைவு. எங்களுக்கு விலை மேலே முடிவாகி வரும். சரக்கின் அளவையும் தரத்தையும் சரிபார்த்து, குறை இருந்தால் எழுத்தில் பதிந்து திருப்பி அனுப்புவது தினசரி வேலையாக இருந்தது.

பணியிடப் பாதுகாப்பு அதிகாரி பணிக்கு

எரிபொருளும் வெடிபொருளும் இருந்த வளாகத்தில் 5 ஆண்டுகள் தீத்தடுப்புப் பொறுப்பாளர். ஆபத்து மதிப்பீடு, மாதாந்திர அவசரகால ஒத்திகை, நுழைவு அனுமதிப் பதிவு, விபத்து விசாரணை அறிக்கை ஆகியவற்றைக் கையாண்டேன். மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் பதியச் செய்தேன். முதல் வருடம் அதை யாரும் விரும்பவில்லை. சொன்னவர்மேல் நடவடிக்கை வராது என்று தெரிந்தபின் பதிவுகள் தாமாகவே வந்தன.

நேர்காணலில், ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால்

“வணக்கம் சார். 18 வருஷம் ராணுவ சப்ளைப் பிரிவில் இருந்தேன். கடைசியாக 34 பேரோடு ஒரு கிடங்கைப் பார்த்துக்கொண்டேன். சரக்கு வருவது, இருப்பது, போவது மூன்றும் என் கையெழுத்தில் நடந்தன. உங்கள் விளம்பரத்தில் இரவு ஷிஃப்டில் இருப்புக் கணக்கு சரியாக வருவதில்லை என்று போட்டிருந்தீர்கள். எங்களிடமும் அது இருந்தது. ஷிஃப்ட் மாறும்போது இரண்டு பேரும் சேர்ந்து 40 முக்கியப் பொருட்களை மட்டும் எண்ணிக் கையெழுத்திடச் செய்தோம், அப்புறம் சரியானது. உங்கள் இடத்தில் அது 40-ஆ 100-ஆ என்று பார்த்தால்தான் தெரியும். அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல் சேர முடியும்.”