முத்துவுக்குச் சித்தி எழுதிய பாட்டுகள்

முத்து, போன வாரம் போனில் நீ சொன்னது ஒரு வரிதான்: “யாரைப் பார்த்தாலும் என்னோடு ஒப்பிட்டுப் பார்த்து அலுத்துப்போச்சு சித்தி.” அறிவுரை உனக்கு நாலு பக்கமும் கிடைக்கிறது. அதனால் பாட்டு எழுதினேன். பாட்டு வாயில் ஒட்டிக்கொண்டால் வேண்டிய நேரத்தில் தானாக வரும். எல்லாம் உனக்குத் தெரிந்த கும்மி, தாலாட்டு, தெம்மாங்கு மெட்டுக்கு அடங்கும். சுருதி சேரவில்லை என்றாலும் பாடு.

“எல்லாரையும்விட நானே அழகு” என்று எந்தப் பாட்டிலும் எழுதவில்லை. அதுவும் ஒப்பீடுதான். உனக்கு அதில் ஜெயிக்க வேண்டியதில்லை, அதை விட்டு வெளியே வந்தால் போதும்.

கண்ணாடிப் பாட்டு
(காலையில் தலை பின்னும்போது, மெதுவாக)

காலை வந்தேன் கண்ணாடி – உன்
கணக்கைக் கேட்க வரவில்லை
நெற்றிப் பொட்டு நேர்தானா – அதை
நீ சொன்னால் போதும், வேறில்லை

அகன்ற தோளிது அப்பா தந்தது
அரிசி மூட்டை சுமந்ததோள்
அகல மூக்கிது ஆச்சி தந்தது
ஐந்து பிள்ளை வளர்த்தவள்
சுருட்டை முடியைச் சின்னத் தாத்தா
சொத்தாய் விட்டுப் போனது
இத்தனை பேரும் இருக்கும் முகத்தை
எப்படி நான் வெறுப்பது?

கழுத்தில் கருப்பு, கன்னத்தில் பரு,
கண்ணுக்குக் கீழே களைப்புண்டு
கழுவித் துடைத்துக் கிளம்பி விட்டால்
கடைக்குப் போக நேரமுண்டு
வருத்தப் பட்டு நிற்கும் நேரம்
வாரித் தலையைப் பின்னலாம்
ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்
ஜன்னல் ஓரம் உட்காரலாம்

(கழுத்துக் கருப்பு கூடிக்கொண்டே போனாலோ, மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடு. சர்க்கரை சம்பந்தமாகவோ ஹார்மோன் சம்பந்தமாகவோ உடம்பு ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். உடம்பை ஏற்றுக்கொண்டவள்தான் அதை அக்கறையாகக் கேட்பாள்.)

நிறத்துக்கு ஒரு தெம்மாங்கு

2020-ல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரில் இருந்த ஃபேரைக் கழற்றிவிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. கடை அலமாரியில் பெயர் மாறிவிட்டது, நம் வீட்டுக் கூடத்தில் பேச்சு இன்னும் மாறவில்லை. அதற்காகத்தான் இந்தப் பாட்டு. கொஞ்சம் சத்தமாகவே பாடு.

கருப்பு என்றால் கருப்பு தானே
கூச்சம் எதற்குச் சொல்வதில்?
மாநிறம் என்று மழுப்ப வேண்டாம்
மாப்பிள்ளை வீட்டு மடலில்

தோலுக் குள்ளே மெலனின் என்று
துகளாய் நிறமி இருக்குது
சுட்டெரிக்கும் சூரியன் வந்தால்
குடையாய் முன்னே நிற்குது
காவல் நிற்கும் காவல் காரியைக்
கரைத்து எடுக்கச் சொல்கிறார்
கண்ட களிம்பைக் கையில் தந்து
காசும் சேர்த்துக் கேட்கிறார்

கருங்கல் சிலைக்குப் பாலும் தேனும்
கற்பூர ஒளியும் காட்டுவார்
கருத்த பெண்ணை வாசலில் கண்டால்
“கலரு கம்மி” என்று பேசுவார்
கோயில் கல்லில் கும்பிட்ட நிறத்தைக்
கூடத்தில் ஏன் வெறுக்கணும்?
கேட்க வேண்டிய கேள்வி எனது
நானேன் தலையைக் குனியணும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிவப்பாக்கும் என்று விற்கிற களிம்புகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. முதலில் முகம் பளிச்சென்று தெரியும், நாள்பட்டால் தோல் மெலியும், பரு கிளம்பும். உன் தோழி கொடுத்த அந்த லேபிள் இல்லாத டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடு.

பந்தியில் பாடுவது
(மனசுக்குள்ளே. இலை போட்டதும் ஆரம்பி)

“இளைச்சுப் போனே” என்றாள் அத்தை
“குண்டா யிட்டே” என்றாள் மாமி
இரண்டு பேரும் ஒரே பந்தியில்
ஒரே உடம்பைப் பார்த்து, சாமி!
சாப்பாட் டிலைமேல் பேச்சு வேண்டாம்
சாம்பார் ஊற்றுங்க போதும்மா
பாயசம் எனக்கு இரண்டு கரண்டி
பருப்பு வடையும் வேணும்மா

ட்ரையல் ரூம் பாட்டு

விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போனாலே நீ அழுகிற முகத்தோடு திரும்பி வருகிறாய் என்று அக்கா சொன்னாள். ரெடிமேட் துணியில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவு. அந்தச் சீட்டில் உள்ள எழுத்து உன்னைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

ஒரு கடையில் எல் என்றது
ஒரு கடையில் எக்ஸ்எல் என்றது
இரண்டு கடைக்கும் நடந்த தூரத்தில்
என்ன எனக்கு மாறியது?
துணிக்காக நான் பிறக்கவில்லை
துணியை எனக்குத் தைப்பது
பக்கத் தையல் பிரித்துத் தந்தால்
பத்து நிமிஷம் ஆவது
மூச்சு விட்டு உட்கார்ந் தெழுந்து
முழங்கை மடக்கிப் பார்க்கிறேன்
சௌகரியமான சுடிதார் ஒன்றைச்
சந்தோஷமாய் எடுக்கிறேன்

போனை வைக்கும் பாட்டு

கைக்கெட்டும் தூரத்தில் கேமரா – அது
காட்டும் மூக்கு பெரிசடி
நாலடி தள்ளி நின்று பார்த்தால்
நம்ம மூக்கு அளவடி

ஃபில்டர் போட்ட தோலில் பார்த்தால்
துளையும் இல்லை, முடியுமில்லை
துளையே இல்லாத் தோல் இருந்தால்
வியர்வை போக வழியுமில்லை

அவளும் அங்கே எடுத்து அழித்து
அடுத்த படத்தைத் தேடுவாள்
அவளை நான் ஏன் பகைக்க வேண்டும்?
அவளும் அலுத்துப் போயிருப்பாள்
நல்லா இரும்மா, எங்கே இருந்தும்
நானிப்போ போனை வைக்கிறேன்
மொட்டை மாடிக் காற்று வருது
பாயை விரித்துப் படுக்கிறேன்

(மூன்றாம் பத்தி எனக்குப் பிடித்த இடம். ரீல்ஸில் வருகிற பெண்ணை எதிரியாக்கிப் பாட்டுக் கட்டுவது சுலபம். அவளுடைய இடுப்பைப் பற்றி நாலு பேர் கீழே எழுதுவதையும் நீ பார்க்கிறாய் அல்லவா? அவளும் நம்மில் ஒருத்தி.)

உடம்புக்குத் தாலாட்டு
(பாயில் படுத்தபின். பாடிக்கொண்டே காலைப் பிடித்துவிட்டுக்கொள்)

ஆராரோ ஆரிரரோ – என்
அலுத்த உடம்பே கண்ணுறங்கு
ஊரார் சொன்ன சொல்லை எல்லாம்
உதறிப் போட்டுக் கண்ணுறங்கு

பதின்மூன் றாகும் வயதினிலே
பாவாடை குட்டை ஆனதுவே
வேகமாக நீ வளர்ந்ததனால்
தோலில் கோடு விழுந்ததுவே
இடுப்பில் ஓடும் வெள்ளைக் கோடு
என்னோ டிருக்க வந்ததுவே
பாவம் ஒன்றும் செய்யவில்லை
பயந்தி டாமல் கண்ணுறங்கு

நாள்முழுக்க நின்ற காலே
நாளை வரைக்கும் கண்ணுறங்கு
கணக்கு எழுதிய விரல்களே
கணக்கை மறந்து கண்ணுறங்கு
பசித்த போது சொன்ன வயிறே
பட்டினி இல்லை கண்ணுறங்கு
மூணு இட்லி, மல்லிச் சட்னி
உள்ளே இருக்கு கண்ணுறங்கு

தடாதகை கும்மி

இந்தக் கும்மிக்காகத்தான் மற்ற பாட்டுகளையே எழுத ஆரம்பித்தேன். மதுரையில் பிறந்த பெண்ணுக்கு இந்தக் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டாம். மலயத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் பிள்ளை வேண்டி வேள்வி செய்ய, மூன்று மார்போடு ஒரு பெண் வந்தாள். அவள்தான் தடாதகை, நம்ம மீனாட்சி. கணவனாகப் போகிறவனைக் கண்டதும் மூன்றாவது மறையும் என்றது அசரீரி. கதை சொல்கிறவர்கள் எல்லாம் ஓடிப்போய் அந்த முடிவில் நிற்பார்கள். நான் நடுவில் நிற்கிறேன். வில் பிடித்ததும், மகுடம் சூடியதும், எட்டுத் திசைக்கும் படையோடு போனதும் அந்த மூன்று மார்போடுதான். சித்திரைத் திருவிழாவிலும் முதலில் பட்டாபிஷேகம், மறுநாள் திக்விஜயம், அதன் பிறகுதான் திருக்கல்யாணம். அப்பா அவளை வீட்டுக்குள் ஒளித்து வைக்கவில்லை. இதை நீ ஒரு தடவை நின்று யோசித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தோழிகளோடு பாடு. தனியாகப் பாடினால் கை ஓங்காது.

கொட்டிக் குலவை இடுங்கடி – நம்ம
கோபுர வாசலில் கூடுங்கடி
எட்டுத் திசையும் வென்றவள் கதையை
எடுத்துக் கையைத் தட்டுங்கடி

வேள்வித் தீயில் பிறந்தாளாம் – மூன்று
மார்போ டெழுந்து சிரித்தாளாம்
வாடிய அப்பன் முகத்தைப் பார்த்து
வானக் குரலும் சொன்னதாம்
பிள்ளைக் குரிய வித்தை எல்லாம்
பெண்ணுக்குச் சொல்லிக் கொடுவென்றதாம்
வில்லும் வாளும் ஆனை ஏற்றமும்
விளையாட் டாகக் கற்றாளாம்

குறையைத் தீர்த்து வாவெனச் சொல்லிக்
கோட்டைக் கதவை அடைக்கவில்லை
மறைத்து வைத்து வளர்க்க வில்லை
மகுடம் தரவும் தயங்கவில்லை
இருந்த உடம்பில் இருந்த படியே
இராஜ்ய பாரம் ஏற்றாளாம்
பொருந்திய மகுடம் தலையில் மின்னப்
பொன்மா மதுரை ஆண்டாளாம்

பச்சை நிறத்தாள் எங்கள் ராணி – அவள்
பக்கத்து ராணியைப் பார்க்கவில்லை
இச்சைப் படியே தேரில் ஏறி
எட்டுத் திசையும் போனாளாம்
மாட்டுத் தாவணி பஸ்ஸில் ஏறி
நானும் வேலைக்குப் போறேண்டி
கேட்டுக் கேட்டுக் குனிந்த தலையைக்
கிழக்கே பார்த்து நிமிர்த்துறேண்டி

தெப்பக்குளம் நடைப்பாட்டு

திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய குளம், இன்றைக்கு ஊரே அதைச் சுற்றி நடக்கிறது. நீயும் போ. ஆனால் நேற்றுச் சாப்பிட்டதற்குத் தண்டனையாக நடக்காதே. மைய மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு, அடிக்கு ஒரு சீராகப் பாடிக்கொண்டு நட.

இடது வலது இடது வலது
எனக்காய் நடக்கிறேன்
எடையைக் குறைக்க ஓடவில்லை
காற்றைக் குடிக்கிறேன்

முந்திப் போகும் அக்கா, உங்கள்
வேகம் உங்களுக்கு
மூச்சு வாங்கா வேகம் ஒன்று
என்னிடம் இருக்கு

மைய மண்டபம் நடுவில் நிற்குது
மாடப் புறா பறக்குது
தொடைகள் உரசும் சத்தம் கேட்குது
தாளம் அதுவாய் இருக்குது
வியர்வை ஊறி முதுகு நனையுது
வெட்கப் படஎனக் கென்ன?
இன்னும் ஒரு சுற்று முடித்து
இளநீர் குடித்தா லென்ன!