பூனை பராமரிப்பு ஒப்பந்தம்

மதுரை, 15.10.2025

கே.கே. நகரில் குடியிருக்கும் விஜயலட்சுமி (இனி வீட்டுக்காரர்), அண்ணாநகரில் குடியிருக்கும் கார்த்திகா (இனி பராமரிப்பவர்) இருவரும் பேசி ஒத்துக்கொண்டு எழுதிக்கொண்டது.

தீபாவளிக்கு வீட்டுக்காரர் கோவை போகிறார். 18.10.2025 சனி மாலை முதல் 22.10.2025 புதன் காலை வரை, பாண்டி (ஆண், 5 வயது, கருத்தடை செய்தது), கருப்பாயி (பெண், 3 வயது) இரண்டையும் பராமரிப்பவர் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்வார்.

வருகை: காலை 8.30, மாலை 5.30. மொத்தம் 8 தடவை. ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரமாவது இருக்க வேண்டும். இரண்டையும் கண்ணால் பார்த்து, வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பிய பிறகே கிளம்ப வேண்டும். கருப்பாயி பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இழுக்க வேண்டாம், கண் தெரிந்தால் போதும். வெடிச் சத்தத்தில் ஓடிவிடும் என்பதால் உள்ளே வந்ததும் முதலில் வெளிக்கதவைச் சாத்த வேண்டும். சன்னல்கள் திறக்கப்படவே கூடாது. சாவி வேறு யார் கைக்கும் போகக்கூடாது.

சாப்பாடு: வேளைக்கு ஆளுக்கு 30 கிராம் டிரை ஃபுட், தனித்தனித் தட்டில். மாலையில் உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஒரு கைப்பிடி. ஃப்ரீசரில் டப்பா டப்பாவாக இருக்கிறது, சூடாக்கி, ஆறியதும் வைக்கவும். தண்ணீர் இரண்டு வேளையும் மாற்ற வேண்டும். பால் வேண்டாம், பாண்டிக்கு வயிற்றைக் கலக்கிவிடும். வெங்காயம், பூண்டு பட்ட எதுவும் கூடாது. தீபாவளிப் பலகாரத்துக்கு அது எவ்வளவு கெஞ்சினாலும் சரி. மணல் தட்டைத் தினமும் அள்ள வேண்டும்.

அவசரம்: பாண்டிக்குப் போன வருடம் மூத்திரம் அடைத்துக்கொண்டது. மணலில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் ஒரு சொட்டும் வராவிட்டால், அடுத்த வேளைவரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். எந்தப் பூனையும் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலும், மூச்சு வாங்கினாலும் அப்படியே. மனிதர் மாத்திரை, முக்கியமாகப் பாராசிட்டமால், அரைத் துண்டுகூடக் கொடுக்கக்கூடாது. கூடை கட்டிலடியில். எங்கள் வழக்கமான டாக்டர் 20-ஆம் தேதி விடுமுறை. அன்று யாரிடம் போவது என்பதை வீட்டுக்காரர் 17-ஆம் தேதிக்குள் விசாரித்து எழுதிக் கொடுப்பார்.

சிகிச்சைக்கு 3,000 ரூபாய் வரை கேட்காமலே செலவழிக்கலாம். அதற்கு மேல் போன். அரை மணியில் எடுக்காவிட்டால் டாக்டர் சொல்வதே முடிவு. பில் வந்ததும் அன்றே வீட்டுக்காரர் அனுப்புவார். ஒழுங்காகக் கவனித்தும் நோய் மிஞ்சினால் பழி பராமரிப்பவர் மேல் இல்லை. கதவைத் திறந்துவிட்டுப் பூனை தொலைந்தால் பொறுப்பு அவருடையது. பூனை பிறாண்டினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அப்புறம் ஊசிக்குப் போக வேண்டும்; செலவு வீட்டுக்காரருடையது.

கூலி: தடவைக்கு 250 ரூபாய், தீபாவளியன்று, 20-ஆம் தேதி, 400. மொத்தம் 2,300. முன்பணம் 1,000 இன்று கொடுத்தாயிற்று. மீதி 1,300, சாவி திரும்பும்போது. பராமரிப்பவருக்கு வர முடியாமல் போனால் முந்தின நாளே சொல்ல வேண்டும். வராத தடவைக்குக் கூலி இல்லை.

விஜயலட்சுமி (கையொப்பம்)
கார்த்திகா (கையொப்பம்)