பயிற்சித் தாள் 4: தொடர் இணைப்பு, பக்க இணைப்பு: மொத்த மின்தடையும் மின்னழுத்த வீழ்ச்சியும்

முதலாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு. நேரம்: இரண்டு மணி. இரண்டு பேருக்கு ஒரு பிரெட்போர்டு.

மேசையில் இருப்பவை: 12 வோல்ட் பவர் சப்ளை, டிஜிட்டல் மல்டிமீட்டர், கால் வாட் ரெசிஸ்டர்கள் (220 Ω, 330 Ω, 470 Ω, 1 kΩ, 2.2 kΩ), இணைப்பு வயர்கள்.

தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். 220 Ω ரெசிஸ்டரைத் தனியாக 12 வோல்ட்டில் மாட்டாதீர்கள். 12 × 12 ÷ 220 = 0.65 வாட் வெப்பம் அதில் உண்டாகும். அது தாங்குவதோ 0.25 வாட்தான். முதலில் வாசனை வரும், அப்புறம் பட்டைகளின் நிறம் கருக்கும், விரல் பட்டால் சுடும். 330 Ω, 470 Ω இரண்டுக்கும் இதே கதிதான். 1 kΩ-உம் 2.2 kΩ-உம் மட்டும் தனியாகத் தாங்கும், 1 kΩ-இல் 0.144 வாட்தான் உண்டாகிறது, 2.2 kΩ-இல் அதைவிடக் குறைவு.

மின்தடையை அளக்கும்போது சப்ளையை அணைத்து, ரெசிஸ்டரைப் போர்டிலிருந்து கழற்றி அளக்க வேண்டும். வோல்டேஜை அளக்கும்போது சப்ளை ஓடிக்கொண்டிருக்க, ரெசிஸ்டரின் இரு கால்களிலும் மீட்டர் முனைகளை வைக்க வேண்டும். மீட்டர் ஆம்பியர் நிலையில் இருக்கும்போது சப்ளையின் இரு முனைகளிலும் நேராக வைத்தால் உள்ளே ஃபியூஸ் போய்விடும்.

பகுதி அ: தொடர் இணைப்பு

ஒன்றன் வாலை அடுத்ததன் தலையில் மாட்டிக்கொண்டே போவது தொடர் இணைப்பு. கரண்ட் போக ஒரே பாதைதான், அதனால் எல்லா ரெசிஸ்டரிலும் ஒரே கரண்ட். பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் மொத்தச் சரமும் அணைந்துவிடுவது இதனால்தான்.

R = R1 + R2 + R3
V1 = I × R1

செய்து காட்டிய கணக்கு: 220 Ω, 330 Ω, 470 Ω மூன்றும் தொடரில், சப்ளை 12 V.

R = 220 + 330 + 470 = 1020 Ω
I = 12 ÷ 1020 = 0.01176 A = 11.76 mA
V1 = 0.01176 × 220 = 2.59 V
V2 = 0.01176 × 330 = 3.88 V
V3 = 0.01176 × 470 = 5.53 V

இப்போது மூன்றையும் கூட்டுங்கள்: 2.59 + 3.88 + 5.53 = 12.00. இந்தக் கூட்டலைத் தயவுசெய்து ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். டிராப்களின் கூட்டல் சப்ளைக்குச் சமமாக வராவிட்டால் எங்கோ தவறு இருக்கிறது. அதை யாரும் சொல்லாமலே நீங்களே கண்டுபிடித்துவிடலாம். கிர்க்காஃபின் மின்னழுத்த விதி என்று புத்தகத்தில் இருப்பது இதுதான்.

பெரிய ரெசிஸ்டருக்குப் பெரிய பங்கு என்பதையும் கவனியுங்கள். 470 என்பது 1020-இல் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, டிராப்பும் 6 V-க்குக் கொஞ்சம் குறைவு. கால்குலேட்டரைத் தொடும் முன்பே விடை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது.

இதே மூன்றை நான் போர்டில் மாட்டும் முன் அளந்தபோது 218, 326, 466 என்று வந்தது. தங்கப் பட்டைக்கு 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதனால் இது பழுது இல்லை. அந்த மதிப்புகளில் மொத்தம் 1010 Ω, கரண்ட் 11.88 mA, டிராப்கள் 2.59, 3.87, 5.54 V. கரண்ட் மாறிய அளவுக்கு டிராப்கள் மாறவில்லை. மூன்றுமே ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைந்ததால் பங்கீடு அப்படியே நிற்கிறது.

பகுதி ஆ: பக்க இணைப்பு

எல்லா ரெசிஸ்டரின் ஒரு காலும் ஒரே புள்ளியில், மறு காலும் இன்னொரு புள்ளியில். இங்கே வோல்டேஜ் எல்லோருக்கும் சமம், கரண்ட்தான் பிரிந்து போகிறது. வீட்டு வயரிங் இப்படித்தான்: ஃபேனை நிறுத்தினாலும் லைட் எரிகிறது.

1/R = 1/R1 + 1/R2
இரண்டே இருந்தால்: R = (R1 × R2) ÷ (R1 + R2)

செய்து காட்டிய கணக்கு: 1 kΩ, 2.2 kΩ பக்க இணைப்பில், சப்ளை 12 V.

R = (1000 × 2200) ÷ 3200 = 687.5 Ω
I1 = 12 ÷ 1000 = 12 mA
I2 = 12 ÷ 2200 = 5.45 mA
மொத்தம் 17.45 mA. சரிபார்க்க: 12 ÷ 687.5 = 17.45 mA.

ஒவ்வொரு ஆண்டும் நான் திருத்தும் தாள்களில் அதிகம் காணும் தவறு, 1/R-ஐக் கண்டுபிடித்ததும் நின்றுவிடுவது. 0.0014545 என்று வந்ததையே விடையாக எழுதிவிடுகிறார்கள். அதைத் திருப்ப வேண்டும்: 1 ÷ 0.0014545 = 687.5. தப்பாமல் இருக்க ஒரு வழி உண்டு. பக்க இணைப்பின் மொத்தத் தடை எப்போதும் இருப்பதிலேயே சிறிய ரெசிஸ்டரைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பாதை கூடினால் போவது எளிதாகும், இல்லையா? விடை 1000-ஐத் தாண்டினாலே கணக்கு தவறு.

பகுதி இ: கலப்பு இணைப்பு

470 Ω முதலில், அதற்குப் பின் 1 kΩ-உம் 2.2 kΩ-உம் பக்க இணைப்பில். உள்ளே இருக்கும் கூட்டத்தை முதலில் ஒரே ரெசிஸ்டராக்குங்கள்: 687.5 Ω. மீதி வெறும் தொடர் கணக்கு.

R = 470 + 687.5 = 1157.5 Ω
I = 12 ÷ 1157.5 = 10.37 mA
470 Ω-இல் டிராப் = 4.87 V
கூட்டத்தில் டிராப் = 12 − 4.87 = 7.13 V
1 kΩ-இல் 7.13 mA, 2.2 kΩ-இல் 3.24 mA

இங்கே 1 kΩ-க்கு 12 V கிடைக்கவில்லை, 7.13 V தான். பக்க இணைப்பு என்றதும் சப்ளை வோல்டேஜை அப்படியே போட்டுவிடாதீர்கள்.

கேள்விகள்

விடையை ஊகித்து நோட்டில் எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். ஊகம் தவறினால் மதிப்பெண் குறையாது.

1. 1 kΩ, 2.2 kΩ, 4.7 kΩ தொடரில், 12 V. மொத்தத் தடை, கரண்ட், மூன்று டிராப்கள்?

2. மூன்று 3.3 kΩ பக்க இணைப்பில், 12 V. மொத்தத் தடையும் மொத்தக் கரண்டும்?

3. 100 Ω-உடன் 10 kΩ பக்க இணைப்பில். கால்குலேட்டர் இல்லாமல், மொத்தம் ஏறக்குறைய எவ்வளவு?

4. 12 V சப்ளை, 1 kΩ, ஒரு சிவப்பு எல்இடி தொடரில். எல்இடியில் 2 V டிராப் என்று கொள்க. கரண்ட் எவ்வளவு? அதே போன்ற இன்னொரு எல்இடியையும் தொடரில் சேர்த்தால்?

5. பகுதி அ-வின் சர்க்யூட்டில் மீட்டர் 220 Ω-இல் 0 V, 330 Ω-இல் 12 V, 470 Ω-இல் 0 V காட்டுகிறது. என்ன பழுது? வேறொரு மேசையில் 3.83 V, 0 V, 8.17 V. அங்கே என்ன பழுது?

6. இரண்டு 1 MΩ தொடரில், 12 V. ஒன்றில் 6 V வர வேண்டும், மீட்டர் 5.71 V காட்டுகிறது. மீட்டரின் உள்தடை 10 MΩ. ஏன் குறைந்தது?

விடைகள்

1. 7.9 kΩ, 1.52 mA, 1.52 V, 3.34 V, 7.14 V. கூட்டல் 12.00 V.

2. 3300 ÷ 3 = 1100 Ω; 10.91 mA. சமமானவை என்றால் எண்ணிக்கையால் வகுத்தால் போதும்.

3. 100-க்குச் சற்றே கீழே, துல்லியமாக 99.01 Ω. நூறு மடங்கு பெரிய தடை பக்கத்தில் நின்றாலும் ஒரு சதவீதம்தான் அசைக்கிறது.

4. ரெசிஸ்டரில் 10 V, கரண்ட் 10 mA. இரண்டு எல்இடி என்றால் ரெசிஸ்டரில் 8 V, 8 mA.

5. முதல் மேசையில் 330 Ω ஓப்பன். கரண்டே ஓடவில்லை, ஆகவே மற்ற இரண்டிலும் டிராப் இல்லை. முழு 12 V-உம் அறுந்த இடத்தில் தெரிகிறது. இரண்டாவது மேசையில் 330 Ω ஷார்ட்: மொத்தம் 690 Ω, கரண்ட் 17.39 mA. இரண்டிலுமே சப்ளை 12 V-ஆகத்தான் இருக்கும், அதனால் சப்ளையை மட்டும் அளந்தால் பழுது தெரியாது.

6. மீட்டரும் ஒரு ரெசிஸ்டர்தான். அளக்கும்போது அது பக்க இணைப்பில் சேர்கிறது. 1 MΩ-உம் 10 MΩ-உம் சேர்ந்து 0.909 MΩ, ஆகவே 12 × 0.909 ÷ 1.909 = 5.71 V. பகுதி அ-வின் ரெசிஸ்டர்கள் சிறியவை என்பதால் அங்கே இந்த வித்தியாசம் மீட்டரில் தெரியாது.