சம்பளச் சான்றிதழ் கோருதல்

இராசரத்தினம் சுகந்தினி,
கோப்பாய் தெற்கு,
கோப்பாய்.
2025.08.18

உரிமையாளர் அவர்கள்,
கட்டடப்பொருள் விற்பனை நிலையம்,
ஸ்ரான்லி வீதி,
யாழ்ப்பாணம்.

மதிப்புக்குரிய ஐயா,

வங்கி வீடமைப்புக் கடனுக்கான சம்பளச் சான்றிதழ்

நேற்று இரவு வட்ஸ்அப்பில் நான் கேட்ட சான்றிதழின் விபரங்களைக் கடிதமாகத் தரும்படி கூறியிருந்தீர்கள். அதன்படி எழுதுகிறேன்.

2019 ஜூன் 3 முதல் தங்கள் நிலையத்தில் வேலை செய்கிறேன். முதலில் காசாளராக இருந்தேன். 2022 ஜனவரி முதல் கணக்கு எழுதுவினைஞராக இருக்கிறேன். அப்பா தந்த காணியில் இட்ட அத்திவாரம் பணமில்லாமல் அப்படியே நிற்கிறது. அதன்மேல் சுவர் எழுப்பவே இந்தக் கடனைக் கேட்கிறேன்.

அடிப்படைச் சம்பளத்தையும் படிகளையும் தனித்தனியாகக் காட்டும்படி வங்கியில் கேட்கிறார்கள். மொத்தத் தொகையை மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனது அடிப்படைச் சம்பளம் 62,500 ரூபா, பயணப்படி 7,500 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு எனது பங்காக அடிப்படைச் சம்பளத்தில் 8 வீதம், அதாவது 5,000 ரூபா கழிக்கப்படுகிறது. கையில் கிடைப்பது 65,000 ரூபா. இருப்புக் கணக்கெடுப்புக் காலத்து மேலதிக நேரக் கொடுப்பனவு மாதாமாதம் மாறுவதால் அதைச் சேர்க்க வேண்டாம்; நிலையான வருமானம் மட்டும் இருப்பதே எனக்கும் நல்லது.

எனது பெயரைத் தேசிய அடையாள அட்டையில் உள்ளவாறு முழுமையாக எழுதுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சம்பளப் பதிவேட்டில் 'சுகந்தி' என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வங்கியில் தனியாக விளக்கக் கடிதம் கேட்பார்கள். சான்றிதழ் நிலையத்தின் கடிதத்தலைப்பில், தங்கள் கையொப்பத்துடனும் இறப்பர் முத்திரையுடனும் இருக்க வேண்டும்.

இதைத் தருவதால் கடனுக்குத் தாங்கள் பொறுப்பாகிவிடுவீர்களோ என்று தங்கள் வீட்டில் கேட்டதாக அறிந்தேன். இது பிணைக் கடிதம் அல்ல. நான் இங்கு வேலை செய்கிறேன், இவ்வளவு சம்பளம் பெறுகிறேன் என்பதை மட்டுமே இது உறுதிப்படுத்தும். பிணையாளர்களாக என் மாமாவும் ஒன்றுவிட்ட அண்ணாவும் கையெழுத்திடச் சம்மதித்துவிட்டார்கள்.

தங்கள் வேலையைக் குறைப்பதற்காகச் சான்றிதழின் வாசகத்தை எழுதிக் கீழே தந்துள்ளேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

"இராசரத்தினம் சுகந்தினி 2019.06.03 முதல் இன்றுவரை எமது நிலையத்தில் நிரந்தர ஊழியராகப் பணியாற்றுகிறார். தற்போது கணக்கு எழுதுவினைஞராக உள்ளார். இவரது மாத அடிப்படைச் சம்பளம் 62,500 ரூபா. பயணப்படி 7,500 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக் கழிவு 5,000 ரூபா. நிகரச் சம்பளம் 65,000 ரூபா. இவரது வேண்டுகோளின்பேரில், வங்கியில் சமர்ப்பிப்பதற்காக இச்சான்றிதழ் வழங்கப்படுகிறது."

விண்ணப்பத்தை இம்மாதம் 29ஆம் திகதிக்குள் கொடுக்க வேண்டும். நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடியும்வரை கடையில் ஓய்விராது என்பதை அறிவேன். ஆகவே 25ஆம் திகதி திங்கட்கிழமை கிடைத்தால் போதும். கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டைகளின் பிரதிகளை இத்துடன் இணைத்துள்ளேன்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
இ. சுகந்தினி